எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கு எந்தப் பட வடிவம்? மின்னஞ்சலுக்கு அதை எப்படிச் சுருக்குவது?

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கையாளருக்கு அனுப்பும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. அவர் கேட்டிருந்த ஒரு பக்கத்தை விரிதாளில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். மின்னஞ்சலில் போக வேண்டிய கோப்பு சிறியதாக இருக்கட்டும் என்று அதை ஜேபெக் வடிவத்துக்கு மாற்றி, சேமிக்கும்போது கேட்கப்படும் தர எண்ணை 30-க்கு இறக்கி அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. “சார், தண்ணீர் லாரிச் செலவு 1,38,600-ஆ, 1,36,600-ஆ? பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரே மங்கலாக இருக்கிறதே” என்றார்.

அன்று மாலை மூலப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வடிவத்திலும் சேமித்துப் பார்த்தேன். நான் அனுப்பிய மங்கலான ஜேபெக் கோப்பின் அளவு 78 கேபி. ஸ்கிரீன்ஷாட்டை எடுத்தபடியே பிஎன்ஜி வடிவத்தில் அனுப்பியிருந்தால் 112 கேபி. கணக்கு அட்டவணையை மட்டும் வெட்டியெடுத்து, நிறங்களைக் குறைத்து, பிஎன்ஜியாகவே வைத்திருந்தால் வெறும் 19 கேபி. அதில் ஒவ்வொரு இலக்கமும் திரையில் இருந்தது போலவே துல்லியமாக இருந்தது.

ஜேபெக் சிறியது, பிஎன்ஜி பெரியது என்று பொதுவாகச் சொல்வது புகைப்படத்துக்குப் பொருந்தும். எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. அது ஏன் என்பதை இந்த இரண்டு வடிவங்களும் உள்ளே என்ன செய்கின்றன என்று பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

மேற்படியும் தந்தியும்

பழைய கிரயப் பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் ஒரே பெயரையோ ஊரையோ திரும்பத் திரும்ப எழுதாமல் “மேற்படி” என்று எழுதிவிடுவார்கள். அதற்கென்றே ‘௸’ என்ற தனிக் குறியும் தமிழில் உண்டு. இடம் மிச்சமாகும், ஆனால் எந்தத் தகவலும் போய்விடாது. மேற்படி என்று உள்ள இடத்திலெல்லாம் மேலே உள்ளதை எடுத்து எழுதினால், முழுப் பத்திரமும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் திரும்பக் கிடைத்துவிடும். இவ்வாறு, சுருக்கியதை விரித்தால் மூலம் அப்படியே திரும்பி வரும் முறைக்கு இழப்பற்ற சுருக்கம் என்று பெயர்.

தந்தி வேறு வகையானது. சொல்லுக்குக் காசு என்பதால், நான்கு பக்கக் கடிதத்தில் எழுத வேண்டியதை “அம்மா நலம் ஞாயிறு வருகிறேன்” என்று நான்கு சொல்லில் முடித்துவிடுவார்கள். செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த நான்கு சொல்லை வைத்துக்கொண்டு நான்கு பக்கக் கடிதத்தை எவராலும் திரும்ப எழுத முடியாது. பெறுபவருக்கு முக்கியமில்லை என்று கருதியவற்றை நிரந்தரமாக விட்டுவிடும் இந்த முறைக்கு இழப்புள்ள சுருக்கம் என்று பெயர்.

பெயரின் இறுதியில் `.png` என்று இருக்கும் பிஎன்ஜி வடிவம் முதல் வகையைச் சேர்ந்தது. `.jpg` அல்லது `.jpeg` என்று முடியும் ஜேபெக் வடிவம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. புதிதாக வந்த வெப்பி வடிவத்தில் இரண்டு வகையும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

திரையில் தெரியும் எழுத்து எதனால் ஆனது

திரை என்பது நெருக்கமாக அடுக்கிய சிறு சதுரங்களின் தொகுப்பு. அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவைக் குறிக்க 0 முதல் 255 வரை மூன்று எண்கள் இருக்கும். மூன்றும் 255 என்றால் வெள்ளை. மூன்றும் 0 என்றால் கறுப்பு. ஓர் எண்ணுக்கு ஒரு பைட் இடம் தேவை.

என் மடிக்கணினித் திரை அகலத்தில் 1366, உயரத்தில் 768 பிக்சல் கொண்டது. பெருக்கினால் 10,49,088 பிக்சல்; ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று வைத்தால் 31,47,264 பைட், அதாவது ஏறத்தாழ 3 எம்பி. எதையும் சுருக்காமல் அப்படியே எழுதினால் ஒரு ஸ்கிரீன்ஷாட் பிடிக்கும் இடம் அதுதான். அது பிஎன்ஜியாகச் சேமிக்கப்பட்டபோதே 112 கேபி ஆகிவிட்டது என்றால், இழப்பு ஏதுமில்லாமலே இருபத்தெட்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு சுருங்குவதற்கு ஸ்கிரீன்ஷாட்டின் இயல்பே காரணம். அட்டவணைப் பக்கத்தில் பெரும்பகுதி ஒரே வெள்ளை. எழுத்துகள் ஒரே கறுப்பு; அவற்றின் விளிம்பில் மட்டும் சில இடைநிறங்கள். கோடுகள் ஒரே சாம்பல் நிறம். ஒரே பக்கத்தில் ‘ம’ என்ற எழுத்து முப்பது முறை வந்தால், பல இடங்களில் அது ஒரே பிக்சல் அமைப்பாகவே வரும். புகைப்படத்தில் அப்படி எதுவும் திரும்பி வருவதில்லை. வெறும் நீல வானத்தை எடுத்தாலும் அடுத்தடுத்த பிக்சல்கள் ஒன்றிரண்டு எண் கூடியோ குறைந்தோதான் இருக்கும், ஏனெனில் கேமராவின் உணரி ஒளியைப் பதிவு செய்யும்போது சிறு ஏற்ற இறக்கங்கள் தவிர்க்க முடியாமல் சேர்ந்துவிடுகின்றன.

பிஎன்ஜி எப்படிச் சுருக்குகிறது

பிஎன்ஜி 1996-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளியானது. அதுவரை பரவலாக இருந்த ஜிஃப் வடிவத்தின் சுருக்க முறைக்குக் காப்புரிமை இருந்தது. அதைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்குக் கட்டணம் கேட்கப்படும் என்ற நிலை வந்ததால், எவரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய வடிவமாக இது உருவாக்கப்பட்டது.

இது இரண்டு படிகளில் வேலை செய்கிறது. முதலில், ஒவ்வொரு வரிசையையும் அப்படியே எழுதாமல், பக்கத்துப் பிக்சலோடு அல்லது மேல்வரிசையோடு உள்ள வேறுபாட்டை எழுதும் வசதி உண்டு. அட்டவணையில் ஒரு செங்குத்துக் கோடு இறங்குகிறது என்று வையுங்கள். முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் ஒன்றேதான். ஆகவே வேறுபாடு முழுவதும் பூச்சியம். பூச்சியங்களின் நீண்ட வரிசையைச் சுருக்குவது எளிது.

இரண்டாவது படி, நாம் பார்த்த ‘மேற்படி’. முன்பு வந்த எண்வரிசை மீண்டும் வந்தால், “இத்தனை பைட் பின்னால் போய், அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்” என்ற சிறு குறிப்பு மட்டுமே எழுதப்படும். அதோடு, அடிக்கடி வரும் எண்களுக்குக் குறுகிய குறியீடும் அரிதாக வருபவற்றுக்கு நீண்ட குறியீடும் கொடுக்கப்படும். இந்த இரண்டும் சேர்ந்த முறைக்கு டிஃப்ளேட் என்று பெயர். `.zip` என்று முடியும் சிப் கோப்புகளுக்குள் பொதுவாக இருப்பதும் இதே முறைதான். பிஎன்ஜி கோப்பை மறுபடி சிப் செய்தால் அளவு ஏறக்குறைய அப்படியே இருப்பதற்கு இதுவே காரணம்; ஒருமுறை பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் தண்ணீர் வராது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: பிஎன்ஜி திரும்ப வருபவற்றைத் தேடிச் சுருக்குகிறது, எதையும் விடுவதில்லை. எழுத்துள்ள திரையில் திரும்ப வருபவை ஏராளம் என்பதால் அங்கு நன்றாகச் சுருங்குகிறது. புகைப்படத்தில் அவை அரிது என்பதால் அங்கு கோப்பு பெருத்துவிடுகிறது.

ஜேபெக் எப்படிச் சுருக்குகிறது

ஜேபெக் தரநிலை 1992-இல் வெளியானது. அதை உருவாக்கிய குழுவின் பெயரிலேயே ‘புகைப்படம்’ என்ற சொல் இருக்கிறது, அந்தக் குழுவின் பெயர்ச் சுருக்கமே வடிவத்தின் பெயராகவும் ஆயிற்று. அது எதற்காக உருவாக்கப்பட்டது என்பதில் அன்றும் ஐயமில்லை. நாம்தான் எல்லாப் படத்துக்கும் அதையே பயன்படுத்தப் பழகிவிட்டோம்.

கச்சேரியைத் தொலைபேசி வழியாகக் கேட்டவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். பாடகரின் குரலும் பாட்டும் அடையாளம் தெரியும். ஆனால் ஜால்ராவின் கூர்மையான ஒலி வந்து சேராது, ஏனெனில் பழைய தொலைபேசி இணைப்பு ஒரு வரம்புக்கு மேற்பட்ட உயர்ந்த அதிர்வுகளை விட்டுவிடுகிறது. ஜேபெக் படத்தில் அதையே செய்கிறது. மெதுவான மாற்றங்களைக் காப்பாற்றி, நுண்ணிய, திடீர் மாற்றங்களைக் குறைக்கிறது. மனிதக் கண் புகைப்படத்தில் அந்த நுண்மாற்றங்கள் குறைந்ததைப் பெரிதாகக் கவனிப்பதில்லை என்பதே இதன் துணிபு. புகைப்படத்தில் அந்தத் துணிபு பலிக்கிறது.

செயல்முறை இவ்வாறு நடக்கிறது. படம் அகலத்தில் 8, உயரத்தில் 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் சில அலைகளின் கூட்டாக மாற்றி எழுதப்படுகிறது. சீரான வெளிச்சம், மெல்ல ஏறி இறங்கும் அலை, சற்று வேகமான அலை என்று தொடங்கி, பிக்சலுக்குப் பிக்சல் கறுப்பும் வெளுப்புமாகத் துடிக்கும் மிக நுண்ணிய அலை வரை, எது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலாக அது ஆகிறது. 1974-இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் வெளியிட்ட கணித முறை இது. மாற்றி எழுதுவதால் மட்டும் பெரிய இழப்பு இல்லை. அடுத்த படியில்தான் இழப்பு நேர்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஓர் எண்ணால் வகுக்கப்பட்டு முழு எண்ணாக்கப்படும். நுண்ணிய அலைகளைப் பெரிய எண்ணால் வகுப்பதால் அவற்றில் பல பூச்சியமாகிவிடும். தர எண்ணை இறக்க இறக்க, அந்த வகுக்கும் எண்கள் பெரிதாகின்றன. தர எண் சதவீதம் அன்று என்பதையும், ஒரு மென்பொருளின் 80 வேறொன்றின் 80-க்குச் சமம் என்று உறுதி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எழுத்துக்கு இது என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு வரிசையில் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெள்ளைப் பின்னணியில் ஒரு பிக்சல் தடிமனுள்ள கறுப்புக் கோடு, உதாரணமாக ‘ப’ எழுத்தின் நெட்டுக்கோடு, எட்டுப் பிக்சல் வரிசையில் நான்காவது இடத்தில் இருக்கிறது என்று வைப்போம். அதை எட்டு அலைகளாக மாற்றி, மிக நுண்ணிய இரண்டு அலைகளை மட்டும் பூச்சியமாக்கி, திரும்பப் பிக்சலாக மாற்றினேன். 255-ஐத் தாண்டியவற்றை 255-ஆக வெட்டிய பிறகு கிடைத்தது இது:

```
முன்: 255 255 255   0 255 255 255 255
பின்: 233 255 180  71 203 255 243 255
```

எட்டில் ஐந்து எண்கள் மாறிவிட்டன. கறுப்பு அடர்சாம்பலாக ஆகிவிட்டது. அதன் இரு பக்கத்திலும் இருந்த தூய வெள்ளை 180, 203 என்று அழுக்கேறிவிட்டது. ஒரு பிக்சல் இடைவெளி விட்டு 233, 243 என்று மெல்லிய நிழல்கள் புதிதாகத் தோன்றியிருக்கின்றன. மூலத்தில் அங்கே எதுவுமே இருக்கவில்லை. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலத் தெரியும் அந்த அழுக்கு இப்படித்தான் வருகிறது.

இத்தனை சேதம் வருவதன் காரணம் முக்கியமானது. சராசரி வெளிச்சத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த மெல்லிய கோட்டில் மிக வலுவாக இருக்கும் அலையே அந்த மிக நுண்ணிய அலைதான். புகைப்படத்தில் ஓரத்தில் கிடக்கும் உபரி என்று ஜேபெக் கருதி விடும் பகுதி, எழுத்தில் எழுத்தின் உடலாகவே இருக்கிறது. அதனால்தான் நல்ல தரத்தில் சேமிக்க முயன்றால் அலைகள் எதையும் விட முடியாமல் ஜேபெக் கோப்பு பெருக்கிறது. என் கணக்குப் பக்கத்தை 90 தரத்தில் சேமித்தபோது அது பிஎன்ஜியின் 112 கேபியைத் தாண்டிச் சென்றது, அப்போதும் எழுத்தோரத்தில் சிறு அழுக்கு இருக்கத்தான் செய்தது.

புள்ளியும் நிறமும்

தமிழ் எழுத்துக்கு இதில் கூடுதல் இடர் உண்டு. ‘க’ என்பதையும் ‘க்’ என்பதையும் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி. சாதாரண அளவு எழுத்துருவில் திரையில் அந்தப் புள்ளி இரண்டு பிக்சல் அகலத்தைத் தாண்டுவதில்லை. ‘எ’ – ‘ஏ’, ‘ன’ – ‘ண’ போன்ற இணைகளும் சிறு கோட்டாலோ ஒரு சுழியாலோதான் வேறுபடுகின்றன. மேலே ஒரு பிக்சல் கோட்டுக்கு நேர்ந்ததை இரண்டு பிக்சல் புள்ளிக்கு நேர்வதாக நினைத்துப் பாருங்கள். வாக்கியத்தில் புள்ளி மங்கினால் வாசகர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். பெயரிலும் முகவரியிலும் ஊகிக்க முடியாது; எண்ணில் ஊகிக்கவே கூடாது. தணிக்கையாளருக்கு 8-க்கும் 6-க்கும் இடையே வந்த ஐயம், 8-இன் மேற்பகுதியில் வலப்பக்கத்து வளைவு மங்கிப்போனதால் வந்ததுதான்.

நிறத்தில் இன்னொரு இழப்பு இருக்கிறது. ஜேபெக் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, வெளிச்சத்தைப் பிக்சல் தோறும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலான அமைப்புகளில் இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சராசரியாக்கிவிடுகிறது. வெள்ளையில் சிவப்பாக எழுதிய “நிலுவை” என்ற சொல், அருகருகே உள்ள சிவப்பும் வெள்ளையும் கலந்து, விளிம்பில் இளஞ்சிவப்பாகக் கசிந்துவிடும். விண்டோஸ் எழுத்துகளை வழவழப்பாகக் காட்ட விளிம்பில் மெல்லிய நிறச்சாயல்களைச் சேர்ப்பதால், கறுப்பு எழுத்தும் இந்தக் கசிவுக்குத் தப்புவதில்லை.

ஜேபெக்கில் எழுத்து கெடுவது தற்செயல் அன்று. மென்மையான மாற்றங்களுக்காக வகுக்கப்பட்ட முறை கூர்மையான விளிம்பைச் சந்திக்கும்போது நடக்க வேண்டியதே நடக்கிறது. அதே முறை திருமணப் புகைப்படத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, வேறுபாடு தெரியாமல் தருவதும் உண்மை.

ஒருமுறை போனது திரும்பாது

ஜேபெக்காக வந்த ஸ்கிரீன்ஷாட்டை பிஎன்ஜியாக மாற்றிச் சேமித்தால் தெளிவு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. தந்தியைப் பத்திரத் தாளில் அழகாக நகலெடுத்தாலும் அது தந்திதான். இன்னும் மோசமாக, அந்தக் கோப்பு பெருத்துவிடும்: தூய வெள்ளையாக இருந்த இடத்தில் இப்போது 254, 252, 255 என்று சிதறல் இருக்கிறது, பிஎன்ஜி அந்த அழுக்கையும் ஓர் எண் பிசகாமல் காப்பாற்றப் பார்க்கும்.

ஒரு படம் வழியில் எங்கோ ஜேபெக்காக இருந்ததா என்று அறிய, 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஓர் எழுத்தைச் சுற்றியுள்ள வெள்ளையைப் பாருங்கள். சாம்பல் திட்டுகள் தெரிந்தால் இருந்திருக்கிறது. இன்னும் உறுதியாக அறிய, படத்தில் எத்தனை நிறங்கள் உள்ளன என்று எண்ணலாம். இர்ஃபான்வியூ மென்பொருளின் படத் தகவல் சாளரத்தில் அது காட்டப்படும். இமேஜ்மேஜிக் நிறுவியிருந்தால் இந்தக் கட்டளை சொல்லும்:

```
magick identify -format "%k" kanakku.png
```

என் மூலப் படத்தில் முந்நூற்றுச் சொச்சம் நிறங்கள் இருந்தன. ஜேபெக் வழியாகப் போய்வந்த நகலில் அவை பல ஆயிரமாகப் பெருகியிருந்தன. திரையில் ஒருபோதும் இல்லாத நிறங்கள் அவை.

ஆகவே மூலத்தைக் காப்பாற்றுவதே முதல் வேலை. கணினியிலும் பல கைபேசிகளிலும் ஸ்கிரீன்ஷாட் பிஎன்ஜியாகவே சேமிக்கப்படும். சில ஆண்ட்ராய்டு கைபேசிகள் ஜேபெக்காகச் சேமிக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் அமைப்புகளில் வடிவத்தை மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும், ஆவணமாக இணைத்தால் கோப்பு அப்படியே போகும்.

மின்னஞ்சலுக்குச் சுருக்குவது

மின்னஞ்சல் எழுத்துகளை மட்டும் கொண்டுசெல்வதற்காக உருவான ஏற்பாடு. அதனால் இணைப்புக் கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாற்றப்பட்டு அனுப்பப்படுகிறது. வரிமுறிவுகளும் சேர்வதால் கோப்பு சுமார் 37 சதவீதம் பெருக்கிறது. அளவை இந்த மாற்றத்துக்குப் பிறகு கணக்கிடும் அஞ்சல் சேவையில் 25 எம்பி என்ற வரம்பு, உங்கள் கோப்பைப் பொறுத்தவரை ஏறத்தாழ 18 எம்பிதான். ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்கு இது சிக்கலே இல்லை. நாற்பது பக்கம் அனுப்பும்போதும், பெறுபவர் கைபேசித் தரவில் திறக்கும்போதும்தான் சுருக்குவது பயன்படுகிறது.

முதல் படி, வெட்டுவது. என் ஸ்கிரீன்ஷாட்டில் பணிப்பட்டை, மென்பொருளின் பொத்தான் வரிசை, பின்னணிப் படத்தின் ஒரு மூலை ஆகியவையும் இருந்தன. தணிக்கையாளருக்கு அவற்றில் எதுவும் தேவையில்லை. அட்டவணை மட்டும் 820-க்கு 460 பிக்சல்தான். வெட்டியதும் 112 கேபி 46 ஆயிற்று. பொத்தான்களின் சிறு படங்களும் பின்னணிப் படமும்தான் திரும்பி வராத நிறங்கள் நிறைந்த பகுதிகள் என்பதால், அவை போனதும் பாரம் பாதிக்கும் கீழே இறங்கியது. விண்டோஸில் Win, Shift, S மூன்றையும் சேர்த்து அழுத்தி, தொடக்கத்திலேயே வேண்டிய பகுதியை மட்டும் எடுப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது படி, நிறங்களைக் குறைப்பது. பிஎன்ஜியில் நிறப்பட்டியல் என்று ஒரு வசதி உண்டு. படத்தின் நிறங்கள் 256-க்குள் இருந்தால், அவற்றைக் கோப்பின் தொடக்கத்தில் ஒருமுறை பட்டியலிட்டு, பிக்சல் தோறும் மூன்று பைட்டுக்குப் பதிலாகப் பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் எழுதலாம். அதற்கு ஒரு பைட் போதும். 16 நிறங்களுக்குள் என்றால் அரை பைட் போதும். பிஎன்ஜிகுவாண்ட் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது:

```
pngquant --nofs 16 kanakku.png
```

இது மூலக் கோப்பைத் தொடாமல் `kanakku-or8.png` என்ற புதிய கோப்பை உருவாக்கும். என் அட்டவணை இதில் 19 கேபி ஆனது. ஜிம்ப் பயன்படுத்துபவர்கள் Image, Mode, Indexed என்ற வரிசையில் போய் நிற எண்ணிக்கையை 16 என்று கொடுக்கலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முந்நூறு நிறங்களைப் பதினாறாக்குவதும் இழப்புதான். ஆனால் இழப்பின் தன்மை வேறு. ஒவ்வொரு பிக்சலும் தன் இடத்திலேயே நின்று, தனக்கு மிக நெருங்கிய நிறத்தை ஏற்கிறது. பக்கத்துப் பிக்சலுக்கு எதுவும் கசிவதில்லை. விளிம்பு விளிம்பாகவே இருக்கும். 256 நிறங்களுக்குள் உள்ள படத்தை நிறப்பட்டியலுக்கு மாற்றினால் அந்த இழப்பும் இல்லை. கட்டளையில் உள்ள `--nofs` என்ற பகுதி முக்கியம். அது இல்லையென்றால், இல்லாத இடைநிறங்களைக் காட்டுவதற்காகப் புள்ளிகளைத் தூவும் வேலையை மென்பொருள் செய்யும். புகைப்படத்துக்கு அது அழகு. எழுத்துப் பக்கத்தில் அது திரும்ப வரும் ஒழுங்கைக் குலைத்துக் கோப்பைப் பெருக்கும், புள்ளி வைத்த எழுத்தா என்ற ஐயத்தையும் தரும்.

செய்யக்கூடாதது, படத்தை 70 சதவீதம் என்பது போலச் சிறிதாக்குவது. ஒரு பிக்சல் கோட்டை 0.7 பிக்சலாக வரைய முடியாது. மென்பொருள் அதைப் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சாம்பலாக்கும். ஒரே மாதிரி இருந்த ‘ம’ எழுத்துகள், எந்த இடத்தில் விழுகின்றன என்பதைப் பொறுத்து வெவ்வேறு பிக்சல் அமைப்பாகிவிடும். மேற்படி என்று குறிக்க எதுவும் மிஞ்சாது. பிக்சல் பாதியாகக் குறைந்தும் கோப்பு அந்த அளவுக்குக் குறையாமல் இருப்பதும், சில வேளை பெருப்பதும் இதனால்தான். கைபேசி ஸ்கிரீன்ஷாட் மட்டும் விலக்கு. 1080-க்கு 2400 பிக்சல் கொண்ட திரையில் எழுத்துகள் மிக நெருக்கமான பிக்சல்களால் வரையப்படுவதால், சரியாகப் பாதியாக்கினாலும் படிக்கத் தெளிவாக இருக்கும். பாதியாக்கிய பிறகு நிறங்களைக் குறைத்தால், கலப்பால் வந்த இடைநிறங்களும் அடங்கிவிடும்.

அனுப்பும் செயலியையும் கவனிக்க வேண்டும். ஐபோனின் அஞ்சல் செயலி படத்தின் அளவைக் கேட்கும்போது Actual Size என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் நாம் செய்த வேலை நிலைக்கும்.

ஜேபெக் பொருந்தும் இடமும், ஜேபெக் மட்டுமே ஏற்கப்படும் இடமும்

ஸ்கிரீன்ஷாட்டில் செயற்கைக்கோள் வரைபடமோ காணொளிக் காட்சியோ பெரும்பகுதியை அடைத்திருந்தால், பிஎன்ஜி பல எம்பி ஆகலாம். அங்கு ஜேபெக்கை 90-க்கு மேற்பட்ட தரத்தில் பயன்படுத்துவது நியாயமே. அதில் எழுத்துப் பகுதியும் முக்கியமென்றால், இரண்டையும் வெட்டித் தனித்தனிக் கோப்பாக அனுப்புவதே என் வழக்கம். இழப்பற்ற வெப்பி பல நேரங்களில் பிஎன்ஜியைவிடச் சிறியதாக வரும். ஆனால் பழைய மென்பொருள்களும் சில பதிவேற்றப் பக்கங்களும் அதை ஏற்பதில்லை. எதைக் கொண்டு திறப்பார் என்று தெரியாத ஒருவருக்கு நான் அதை அனுப்புவதில்லை.

விண்ணப்பப் பக்கங்கள் சில `.jpg` தவிர வேறெதையும் ஏற்காது, அதுவும் இத்தனை கேபிக்குள் என்று வரம்பு வைக்கும். அங்கு தர எண்ணில் கை வைப்பதற்கு முன் மற்ற வழிகளைத் தீர்க்க வேண்டும். வேண்டிய வரிகளை மட்டும் நெருக்கமாக வெட்டுங்கள். நிறம் தேவையில்லையென்றால் சாம்பல் நிறப் படமாக்குங்கள். நிறக்கசிவு என்ற சிக்கலே அதோடு போய்விடும். நிறம் வேண்டுமென்றால் நிறத்தைச் சராசரியாக்காதே என்று சொல்லிச் சேமியுங்கள்:

```
magick kanakku.png -sampling-factor 4:4:4 -quality 85 kanakku.jpg
```

வரம்பைத் தாண்டினால் 85-ஐ 80, 75 என்று சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் மூலப் பிஎன்ஜியிலிருந்தே புதிதாக மாற்ற வேண்டும். முந்தைய ஜேபெக்கை எடுத்து மறுபடி சுருக்கினால், அதன் அழுக்கின் மேல் புதிய அழுக்கு படியும். அனுப்பிய பிறகு, அனுப்பியவை என்ற பெட்டியில் உள்ள மடலைத் திறந்து, இணைப்பைப் பதிவிறக்கி, 8 என்ற இலக்கத்தையும் புள்ளி வைத்த ஓர் எழுத்தையும் 400 சதவீதத்தில் பார்த்துவிடுங்கள். அந்த ஆண்டு நான் மறுபடி அனுப்பிய 19 கேபி கோப்பை அப்படிச் சோதித்துவிட்டுத்தான் தணிக்கையாளரை அழைத்து, செலவு 1,38,600 என்று சொன்னேன்.